இரவு மாத்திரையும் காலைப் பெரட்டும்: ஹைட்ரொக்சிசின் பற்றி

“அக்கா, அம்மாவுக்கு வயது 57. இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறார். ஆறு மாதமாக ஒரே பதற்றம், நெஞ்சு படபடப்பு, இரவில் தூக்கமே இல்லை. கிளினிக்கில் ஹைட்ரொக்சிசின் 25 மில்லிகிராம், இரவுக்கு ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு கிழமையாகக் குடிக்கிறார். தூக்கம் வருகிறது. ஆனால் விடிய ஐந்து மணிக்கு எழுப்பினால் மயக்கத்தில் இருப்பவர் மாதிரி இருக்கிறார். போன கிழமை மலையில் கால் தடுமாறி கானுக்குள் விழப் பார்த்தாராம். பிரஷருக்கும் இரண்டு மாத்திரை எடுக்கிறார். நேற்று பாமசியில் ஒருவர், ‘இது இருதயத் துடிப்பைக் குழப்பும், ஈசிஜி எடுத்தீர்களா?’ என்று கேட்டார். எடுக்கவில்லை. இன்றிரவு கொடுக்கவா, நிறுத்தவா?”

முதலில் இன்றிரவுக்கான பதில், தங்கச்சி. அம்மா எப்போதாவது திடீரென்று மயங்கி விழுந்திருந்தால், இருதய நோய் இருப்பதாக யாராவது சொல்லியிருந்தால், இந்தக் கிழமை வாந்தியோ வயிற்றோட்டமோ இருந்தால், புதிதாக வேறு மருந்து ஏதும் தொடங்கியிருந்தால், அல்லது அவருடைய இரத்த உறவில் யாராவது இளம் வயதில் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருந்தால், இன்றிரவு ஹைட்ரொக்சிசின் கொடுக்க வேண்டாம். நாளைக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் கொடுக்கலாம். ஆனால் அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் இரண்டு மூன்று நாளுக்குள் போய் ஈசிஜி எடுத்துவிடுங்கள். இந்த மாத்திரையை ஓரிரு இரவு விட்டால் ஒன்றும் ஆகாது. டயசெபாம் மாதிரி உடம்பு அதற்கு அடிமைப்பட்டு, விட்டதும் நடுக்கம் வரும் சங்கதி இதில் இல்லை. தூக்கம் கொஞ்சம் கெடும், அவ்வளவுதான். ஆனால் பயத்தில் பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது வேறு கதை.

இனி காலை மயக்கத்துக்கு வருவோம். நீங்கள் முதலில் கவனித்தது அதைத்தான். என் கணக்கில் அம்மாவுக்கு இன்றைய தேதியில் பெரிய ஆபத்தும் அதுதான்.

ஹைட்ரொக்சிசின் பிறப்பில் ஓர் ஒவ்வாமை மருந்து. 1950களில் பெல்ஜியத்தில் கண்டுபிடித்தார்கள். நம் ஊரில் தடிமனுக்கும் அரிப்புக்கும் எல்லோர் வீட்டிலும் இருக்கும் பிரிட்டோனுக்கு இது தூரத்துச் சொந்தம். உடம்பில் ஹிஸ்டமின் என்ற பொருள் தோலில் அரிப்பைக் கிளப்புகிறது. அதே ஹிஸ்டமின் மூளைக்குள் வேறொரு வேலை பார்க்கிறது: நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. பழைய காலத்து ஒவ்வாமை மருந்துகள் மூளைக்குள் இலகுவாகப் புகுந்து அந்த விழிப்பு விளக்கையும் சேர்த்து அணைத்துவிடும். பதற்றம் தணிவதும் தூக்கம் வருவதும் பெரும்பாலும் இந்த வழியில்தான். ஆகவே தூக்கக் கலக்கத்தை இந்த மருந்தின் பக்க விளைவு என்று தனியாகப் பிரிக்க முடியாது. இரவில் நமக்கு வேண்டியதும் காலையில் நமக்கு வேண்டாததும் ஒரே காரியம்.

அது காலைவரை ஏன் நீள்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன். இரவு பத்து மணிக்கு மாத்திரை குடித்தால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் கண் சொக்கத் தொடங்கும். இரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்குப் போவது சுமார் இரண்டு மணி நேரம் கழித்து, அதாவது நடுச்சாமம். அங்கிருந்து பாதியாகக் குறைய, பெரியவர்களுக்குச் சராசரியாக 20 மணி நேரம் எடுக்கும். நடுச்சாமத்தில் இருந்ததை 100 என்று வைத்துக்கொண்டால், விடிய ஐந்து மணிக்கு அம்மா அடுப்பு மூட்ட எழும்பும்போது இன்னும் 84 மிச்சம் இருக்கும். அடுத்த இரவு பத்து மணிக்கு அடுத்த மாத்திரையைக் கையில் எடுக்கும்போதும் பழையதில் ஏறத்தாழ 47 உள்ளேயே இருக்கும். அதற்கு மேல்தான் புதியது ஏறுகிறது. இப்படி நான்கைந்து நாளில் ஒரு மட்டத்துக்கு வந்து நிற்கும்போது, முதல் இரவின் உச்சத்தைவிட ஒன்றே முக்கால் மடங்கு இருக்கும். வயது போனவர்களுக்கு 20 மணி என்பது 29 மணியாக நீளும், ஈரல் பழுதானவர்களுக்கு அதற்கும் மேல். அவர்களிடம் இன்னும் அதிகமாகத் தேங்கும்.

அதனால்தான் பலர், “முதல் நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள்தான் தலை தூக்க முடியவில்லை” என்பார்கள். மறுபக்கம், மூளையும் மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும். பலருக்கு ஒரு கிழமைக்குள் பகல் மயக்கம் குறைந்துவிடும். உங்கள் அம்மாவுக்கு இரண்டு கிழமை ஆகியும் குறையவில்லை என்றால், இந்த அளவு அவருக்குக் கூடுதல் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக் கேட்டவுடன் எல்லோரும் சொல்லும் யோசனை, “நேரத்தோடு குடிக்கச் சொல்லுங்கள், எட்டு மணிக்கே கொடுங்கள்” என்பது. கொடுக்கலாம், கொஞ்சம் உதவும். ஆனால் மேலே சொன்ன கணக்கையே போட்டுப் பாருங்கள். எட்டு மணிக்குக் குடித்தால் விடிய ஐந்துக்கு மிச்சம் 84 இல்லை, 78. அவ்வளவுதான் வித்தியாசம். அளவைப் பாதியாக்கினால் எல்லாமே பாதியாகும். ஆகவே டொக்டரிடம் கேட்க வேண்டியது நேரத்தைப் பற்றி அல்ல, “10 அல்லது 12.5 மில்லிகிராமில் பார்க்கலாமா?” என்பதுதான். 25ஐப் பாதியாக உடைக்கலாமா என்பது மாத்திரையைப் பொறுத்தது. நடுவில் கோடு இருந்தால் உடைக்கலாம். கோடு இல்லாததைக் கத்தியால் வெட்டினால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும்.

இணையத்தில் தேடினால் உங்களுக்குத் தலை சுற்றும். அமெரிக்கக் குறிப்பில் பதற்றத்துக்கு 50 முதல் 100 மில்லிகிராம், நாளுக்கு நான்கு தடவை என்று இருக்கும். ஐரோப்பாவில் 2015இல் இந்த மருந்தை மறுபடி ஆராய்ந்துவிட்டு, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 100க்கு மேல் வேண்டாம், வயது போனவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்லது, கொடுத்தே ஆக வேண்டுமென்றால் 50க்கு மேல் வேண்டாம் என்று குறைத்துவிட்டார்கள். குறைந்த அளவு, குறைந்த நாள் என்பது அவர்கள் சொன்ன இன்னொன்று. நான் இந்த இரண்டாவது கணக்கின் பக்கம்தான் நிற்பேன்.

மலையில் நிற்கிறவருக்கு இந்தக் கலக்கம் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரட்டில் நின்று பேர் கொடுத்துவிட்டு, பனி ஈரத்தில் வழுக்கும் சரிவில், முதுகில் கூடையோடு ஏறும்போது அரை நொடி தாமதமாகக் கால் வைத்தாலே போதும். அதற்கு முன்னாலேயே ஓர் ஆபத்து இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழும்பினால், லயத்து வாசலைத் தாண்டி, படி இறங்கி, பின்பக்கக் கக்கூசுக்குப் போக வேண்டும். மருந்து ஏறத்தாழ உச்சத்திலேயே இருக்கும் நேரம் அது. பிரஷர் மாத்திரையும் சேர்ந்து, படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை கிறுகிறுக்கும். முதலில் உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து எழும்பச் சொல்லுங்கள். யாராவது டோர்ச்சோடு கூடப் போங்கள். அளவு சரியாகும்வரை செங்குத்தான மலைக்கு அனுப்பாமல், கங்காணியிடம் சொல்லி லயத்துக்குக் கிட்டேயுள்ள தட்டையான இடத்தில் வேலை கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. ஹைட்ரொக்சிசினின் ஒரு பெரிய பங்கு ஈரலில் செட்டிரிசினாக மாறுகிறது. அதே செட்டிரிசின்தான் அரிப்புக்கும் தும்மலுக்கும் தனி மாத்திரையாகக் கடையில் கிடைப்பது. ஆகவே தடிமன் வந்தது என்று ஒரு பிரிட்டோன், குளவி கொட்டியது என்று டிஸ்பென்சரியில் ஒரு செட்டிரிசின் என்று சேர்த்துவிட்டால், ஒரே வகை மருந்தை இரண்டு மூன்று பெயரில் குடிக்கிறார் என்று அர்த்தம். எங்கே போனாலும், “இரவில் ஹைட்ரொக்சிசின் குடிக்கிறேன்” என்று சொல்லப் பழக்குங்கள். சாராயம், கசிப்பு, உடம்பு வலிக்கென்று கொஞ்சம் விஸ்கி எதுவும் இதோடு கூடாது.

சரி, இப்போது இருதயம். பாமசியில் கேட்டவர் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். எப்போது, யாருக்கு என்று சேர்த்துச் சொல்லாததால்தான் உங்களுக்கு இவ்வளவு பயம்.

இருதயம் ஒவ்வொரு முறை அடித்த பிறகும் அடுத்த அடிக்குத் தயாராக ஒரு சிறு இடைவெளி வேண்டும். உள்ளே ஏறிய மின்சாரம் வடிந்து இறங்கும் நேரம் அது. பொட்டாசியம் உயிரணுக்களிலிருந்து வெளியேறுவதால்தான் இது நடக்கிறது. ஹைட்ரொக்சிசின் அந்தப் பொட்டாசியம் போகும் வாசல்களில் ஒரு வகையை ஓரளவு அடைக்கிறது. வாசல் குறுகினால் வடிவதற்கு நேரம் கூடுகிறது. ஈசிஜியில் இந்த நேரத்தைத்தான் க்யூ.டி. என்கிறார்கள். அது கொஞ்சம் நீண்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மிகவும் நீண்டுவிட்டால், முந்திய அடி முழுதாக ஓய்வதற்குள் அடுத்த அடி தப்பான நேரத்தில் விழலாம். அப்போது இருதயம் முறுக்கிச் சுழலும் ஒரு வேகத் துடிப்புக்குப் போய்விடும். இரத்தம் மூளைக்கு ஏறாமல் ஆள் விழுவார். பெரும்பாலும் சில விநாடிகளில் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் உயிர் போகலாம்.

இது அரிதாக நடப்பது. அதிலும் ஹைட்ரொக்சிசினை மட்டும் சரியான அளவில் குடிக்கும், மற்றபடி நலமாக இருக்கும் ஒருவருக்கு நடப்பது இன்னும் அரிது. வாசல் ஏற்கெனவே வேறு காரணங்களால் குறுகியிருக்கும்போது இது வந்து சேர்வதுதான் வினை. அந்தக் காரணங்கள் வெளியே தெரிவதில்லை. எப்படிச் சேர்கின்றன என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஆளையும் இடத்தையும் விட்டுவிடுகிறேன்.

நான் மருந்தாளராக ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது, 62 வயது அம்மா ஒருவரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றவர் குடத்தோடு அப்படியே சாய்ந்திருக்கிறார். கை கால் இரண்டு தரம் வெட்டி இழுத்ததாம். ஒரு நிமிடத்துக்குள் கண்ணைத் திறந்து, “குடம் எங்கே?” என்று கேட்டிருக்கிறார். வீட்டார் வலிப்பு என்றே நினைத்தார்கள். மகள் ஒரு பொலித்தீன் பையில் மருந்தெல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதை மேசையில் கொட்டியபோதுதான் கதை விளங்கியது.

தூக்கத்துக்கு ஹைட்ரொக்சிசின் 25, ஒரு மாதமாக. பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைட், பல வருடமாக. இது சிறுநீரோடு பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் வெளியே தள்ளும் மருந்து. அதற்கு முந்திய நான்கு நாள் வயிற்றோட்டம், அதிலும் பொட்டாசியம் போயிருக்கிறது. வாந்திக்கென்று டவுனில் ஒரு தனியார் இடத்தில் டொம்பெரிடோன் கொடுத்திருக்கிறார்கள். நெஞ்சுச் சளிக்கு இன்னோரிடத்தில் கிளாரித்ரோமைசின் என்ற அன்டிபயோடிக். இந்தக் கடைசி இரண்டும் தாங்களே க்யூ.டி.யை நீட்டுபவை. கிளாரித்ரோமைசின் அதற்கு மேலே ஒரு காரியம் செய்யும்: ஹைட்ரொக்சிசினை உடைத்து வெளியேற்றும் ஈரல் நொதியை முடக்கும், அதனால் ஹைட்ரொக்சிசின் இரத்தத்தில் இன்னும் தேங்கும். மூன்று இடத்தில் மூன்று பேர் தந்த மருந்து. தனித்தனியாகப் பார்த்தால் ஒருவர் தந்ததும் அநியாயம் இல்லை. ஆனால் மூன்றையும் ஒன்றாகப் பார்த்தவர் யாரும் இல்லை.

ஈசிஜியில் துடிப்பு நிமிடத்துக்கு 72, க்யூ.டி. 480 மில்லிசெக்கன். துடிப்பு வேகமானால் க்யூ.டி. தானாகவே குறையும், மெதுவானால் கூடும். அதனால் வேகத்தைச் சரிக்கட்டித்தான் பார்க்க வேண்டும். அதற்கு வழக்கமாகப் பயன்படுத்தும் சூத்திரம் இது:

```
QTc = QT / √RR
RR  = 60 / 72 = 0.833
QTc = 480 / √0.833 ≈ 526
```

RR என்பது இரண்டு துடிப்புக்கு இடையிலுள்ள நேரம், செக்கனில். பெண்களுக்கு 460 வரை, ஆண்களுக்கு 450 வரை பொதுவாகச் சரி என்று எடுப்பார்கள். 500ஐத் தாண்டினால் உடனே கவனிக்க வேண்டும். இவருக்கு 526. இரத்தத்தில் பொட்டாசியம் 2.9. அது 3.5க்குக் குறையக் கூடாது. ஹைட்ரொக்சிசின், டொம்பெரிடோன், கிளாரித்ரோமைசின் மூன்றையும் நிறுத்தி, பொட்டாசியமும் மக்னீசியமும் ஏற்றி, மொனிட்டரில் வைத்தார்கள். ஐந்தாம் நாள் அதே 72 துடிப்பில் க்யூ.டி. 400, சரிக்கட்டினால் 438. ஹைட்ரொக்சிசின் முழுதாக வெளியேற அத்தனை நாள் பிடிக்கும் என்பதால், நிறுத்திய அடுத்த நாளே சரியாகவில்லை என்று யாரும் பதறவில்லை. அந்த அம்மா நடந்தே வீட்டுக்குப் போனார்.

உங்கள் அம்மாவின் கதையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பிரஷருக்கு இரண்டு மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள், பெயர் எழுதவில்லை. கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள். லோசார்ட்டன், எனலாப்ரில், அம்லோடிபின் என்று இருந்தால் பொட்டாசியம் குறையும் பிரச்சினை அவற்றால் வராது. ஹைட்ரோகுளோரோதயசைட், இன்டபமைட், ஃபுருசமைட் என்று இருந்தால் ஈசிஜியோடு பொட்டாசியத்துக்கும் ஓர் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். சில மாத்திரைகளில் லோசார்ட்டனும் தயசைட்டும் ஒன்றாகவே கலந்திருக்கும். அட்டையின் பின்பக்கத்தில் இரண்டு பெயரும் சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும், பெரிய எழுத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

துடிப்பை நீங்களே எண்ணலாம். அம்மா பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து செக்கன் எண்ணி நான்கால் பெருக்குவதில் தவறிய அடி தப்பிவிடும். 50க்குக் கீழே வந்தால், அல்லது இடையிடையே விட்டுவிட்டு அடித்தால், மாத்திரையை நிறுத்திவைத்துக் காட்டுங்கள். துடிப்பு மெதுவாக இருப்பதும் இந்த மருந்துக்கு ஆகாத நிலைமைதான்.

குடும்பத்தைப் பற்றியும் கேளுங்கள். நம் ஆட்கள் இதை நோய்க் கணக்கில் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். “உங்கள் வீட்டில் யாருக்கும் இருதய வருத்தம் இருக்கிறதா?” என்றால் இல்லை என்பார்கள். “யாராவது முப்பது நாற்பது வயதில் தூக்கத்திலேயே போனார்களா? நன்றாக நீந்தத் தெரிந்தவர் ஆற்றில் போனாரா? அடிக்கடி மயங்கி விழுந்த பிள்ளை இருந்ததா?” என்று கேளுங்கள். அப்போதுதான் சின்ன மாமாவின் கதை வெளியே வரும். பிறவியிலேயே க்யூ.டி. நீண்ட குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இந்த மருந்து அறவே கூடாது.

காலை மயக்கத்தையும் இருதய மயக்கத்தையும் எப்படிப் பிரிப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். மருந்துக் கலக்கம் எழும்பும்போதே இருக்கும், முகம் கழுவி நடந்தால் மெல்ல விலகும், மத்தியானத்துக்குள் குறையும். ஆள் பேசினால் பதில் சொல்வார், சோம்பலாக இருப்பார். எழுந்து நின்றவுடன் கண் இருட்டி, உட்கார்ந்தால் சரியாவது பெரும்பாலும் பிரஷர் இறங்குவதால். இருதயம் தடம் புரண்டால் அது சொல்லிக்கொண்டு வராது. நின்றது நின்றபடி, அல்லது உட்கார்ந்திருக்கும்போதே, விழுவார். முகம் வெளிறும். கை கால் இழுக்கலாம். அப்புறம் சட்டென்று தெளிந்து ஒன்றும் நடக்காதது போல் பேசுவார். வலிப்பு வந்தவர் பொதுவாக அப்படி உடனே தெளிய மாட்டார், கொஞ்ச நேரம் குழம்பியிருப்பார். அப்படி ஒரு தரம் நடந்தாலும் 1990க்கு அழையுங்கள். வருகிற அம்பியூலன்ஸ்காரரிடம் மாத்திரை அட்டைகளையும் கொடுத்தனுப்புங்கள். மலைமேல் வண்டி ஏறாத டிவிஷன் என்றால், ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு வர ஆளையும் அதே நேரத்தில் கூப்பிடுங்கள். மூச்சும் பேச்சும் இல்லாமல் கிடந்தால் தூக்குவதற்கு முன் நெஞ்சை அமுக்கத் தொடங்க வேண்டும்.

வயிற்றோட்டமோ வாந்தியோ வந்த நாட்களில் ஹைட்ரொக்சிசினை விட்டுவிடுங்கள். ஜீவனி கரைத்துக் கொடுங்கள், அதில் பொட்டாசியமும் இருக்கிறது. வயிறு சரியாகி, வழமை போல் இரண்டு நாள் சாப்பிட்ட பிறகு மறுபடி தொடங்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். யாராவது புதிதாக அன்டிபயோடிக், பங்கசு மாத்திரை, வாந்தி மாத்திரை, மன அமைதிக்கு மாத்திரை எதை எழுதினாலும், “இது ஹைட்ரொக்சிசினோடு சேருமா?” என்ற ஒரே கேள்வி போதும்.

மன அமைதிக்கான மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு அது நிச்சயம் வரும். ஆறு மாதமாக நீளும் பதற்றத்துக்கு ஹைட்ரொக்சிசின் நீண்ட கால மருந்து இல்லை. டொக்டர் அடுத்த முறை வேறொன்றுக்கு மாற்றுவார். செர்ட்ரலின் ஆக இருக்கலாம், எஸ்சிட்டலோபிராம் ஆக இருக்கலாம். இரண்டும் பதற்றத்துக்கு நல்ல மருந்துகள். ஆனால் எஸ்சிட்டலோபிராமும் க்யூ.டி.யை நீட்டும். “பழையது கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, முடியும்வரை இரண்டையும் கொடுப்போம்” என்று வீட்டில் செய்துவிடுவார்கள். மாத்திரையை வீணாக்க மனம் வராது. இதில் வீணாக்குங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று கேட்கிறேன்: அம்மாவுக்கு இரத்தம் சோதித்தார்களா? நெஞ்சு படபடப்பும் தூக்கமின்மையும் தைரொய்ட் கூடினாலும் வரும், இரத்தம் குறைந்தாலும் படபடக்கும். தோட்டத்துப் பெண்களிடம் இரத்தசோகை அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். ஈசிஜிக்குப் போகும் அன்றே ஹீமோகுளோபினும் தைரொய்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரத்தம் குறைவதால் வரும் படபடப்புக்கு எத்தனை தூக்க மாத்திரை கொடுத்தும் பயனில்லை. அப்புறம் தேத்தண்ணீர். ராத்திரி ஏழு மணிக்கு வேலையெல்லாம் முடித்து அம்மா குடிக்கும் அந்தக் கறுத்த பிளேன்டீயில் உள்ள கஃபீன், படுக்கும் நேரத்திலும் பாதிக்கு மேல் உடம்பில் இருக்கும். ஒரு பக்கம் விழிப்புக்கு ஒன்று, மறுபக்கம் தூக்கத்துக்கு ஒன்று என்று குடித்துக்கொண்டிருக்கிறார். தேயிலை பறிக்கிறவரிடம் தேத்தண்ணீரைக் குறை என்று சொல்வது எனக்கே சங்கடம்தான். பின்னேரம் மூன்று மணியோடு நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இரவு வேண்டுமென்றால் கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள்.

பதற்றத்தின் காரணத்தை நீங்கள் எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை. கடனோ, மகனோ, எதுவோ. பேசிப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

ஈசிஜிக்குப் போகும் அன்று மாத்திரையை முந்திய இரவு வழமை போல் குடித்திருந்தால்தான் நல்லது, மருந்து உள்ளே இருக்கும்போது இருதயம் எப்படி இருக்கிறது என்று தெரியும். நான் முதலில் சொன்னவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மட்டும் அப்படிச் செய்ய வேண்டாம். தாளின் மேல் மூலையில் மெஷினே `QT/QTc` என்று இரண்டு எண்ணை அடித்திருக்கும். இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. மெஷின் சில நேரம் தப்பாக அளக்கும், ஆகவே 460க்கு மேல் காட்டினால் டொக்டரைக் கையால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தாள் சூட்டில் அச்சாகும் வகை. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்தாலும், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாலும், சில மாதங்களில் கோடெல்லாம் மங்கி வெறும் தாளாகிவிடும். அன்றைக்கே போனில் படம் பிடித்துவையுங்கள், ஒரு போட்டோக் கொப்பியும் எடுத்துக் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை யாராவது ஈசிஜி எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.